சராசரி விலைக்கு வரிசை தெரியாது

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் ஒரே தொகையைப் போடும் முறையை எஸ்.ஐ.பி. என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அதை விற்க வருபவர் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "சந்தை இறங்கினால் உங்கள் சராசரி விலை குறையும், ஆகவே இறக்கமும் உங்களுக்கு லாபம்தான்." இதன் முற்பாதி கணக்குப்படி சரி. பிற்பாதி சரியா என்பதைத்தான் இன்று சோதிக்கப் போகிறோம். ஃபண்டுகள் எதையும் நான் சிபாரிசு செய்யப் போவதில்லை. 2008, 2009 என்ற இரண்டே ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, சராசரி கொள்முதல் விலை இறக்கத்தில் என்ன செய்தது, ஏற்றத்தில் என்ன செய்தது என்று மாதம் மாதமாகப் பார்ப்போம்.

ரூபாயைக் கட்டி வைத்தால்

பெட்ரோல் பங்கில் சிலர் "ரெண்டு லிட்டர் போடுங்க" என்பார்கள், சிலர் "இருநூறு ரூபாய்க்குப் போடுங்க" என்பார்கள். முதலாமவருக்கு அளவு மாறாது, பணம் மாறும். இரண்டாமவருக்குப் பணம் மாறாது, அளவு மாறும். எஸ்.ஐ.பி. போடுபவர் இரண்டாவது வகை. விலை குறைந்த நாளில் அவருக்கு அதிக யூனிட் கிடைக்கிறது, கூடிய நாளில் குறைந்த யூனிட் கிடைக்கிறது. அவர் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை, வகுத்தல் கணக்கே அதைச் செய்துவிடுகிறது.

சிறிய எண்களில் பார்ப்போம். ஒரு ஃபண்டின் யூனிட் விலை, அதாவது என்.ஏ.வி., முதல் மாதம் 40 ரூபாய், அடுத்த மாதம் 60 ரூபாய். இரண்டு மாதமும் 2,400 ரூபாய் போடுகிறோம். முதல் மாதம் 60 யூனிட், இரண்டாவது மாதம் 40 யூனிட். மொத்தம் 4,800 ரூபாய்க்கு 100 யூனிட். நம் சராசரி கொள்முதல் விலை 48 ரூபாய். இரண்டு விலைகளைக் கூட்டி இரண்டால் வகுத்தாலோ 50 ரூபாய் வருகிறது. பள்ளிக் கணக்கில் முதலாவதை இசைச் சராசரி என்றும், இரண்டாவதைக் கூட்டுச் சராசரி என்றும் படித்திருப்பீர்கள். விலைகள் எல்லாம் ஒன்றாகவே இருந்தால் இரண்டும் சமம். விலை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் இசைச் சராசரி கீழேதான் நிற்கும். இது எந்தச் சந்தையிலும் பொய்க்காத கணித உண்மை.

இங்கேதான் ஒரு சறுக்கல் நடக்கிறது. 50க்கும் 48க்கும் இடையிலுள்ள இரண்டு ரூபாயைக் காட்டி, "பாருங்கள், யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் லாபம்" என்று விளம்பரத் தாள்களில் போடுகிறார்கள். அது லாபம் அல்ல. 50 ரூபாய் என்பது யாரும் வாங்கிய விலையும் அல்ல, யாரும் விற்கப்போகிற விலையும் அல்ல. அது தாளில் போட்ட ஒரு கூட்டல் வகுத்தல். நம் லாப நட்டத்தைத் தீர்மானிப்பவை இரண்டே எண்கள்: நம் சராசரி கொள்முதல் விலை, இன்றைய என்.ஏ.வி. மேலே சொன்ன ஆள் விற்கப் போகும் நாளில் என்.ஏ.வி. 45 என்றால், 48க்கு வாங்கிய அவருக்கு யூனிட்டுக்கு மூன்று ரூபாய் நட்டம்.

இறங்கிய ஆண்டு

இப்போது நிஜமான சந்தைக்கு வருவோம். நிஃப்டி குறியீட்டின் மாத இறுதிப் புள்ளிகளை நூறால் வகுத்து, அதையே ஒரு யூனிட்டின் விலையாக வைத்துக்கொள்கிறேன். குறியீட்டில் ஃபண்டின் நிர்வாகச் செலவு கழியவில்லை, பங்குகள் தந்த டிவிடெண்டும் சேரவில்லை. ஆகவே உண்மையான குறியீட்டு ஃபண்டின் கணக்கு சற்று மாறும். விலையின் போக்கைப் பார்க்க இது போதும். தவணை ஒவ்வொரு மாத இறுதியிலும் 5,000 ரூபாய்.

2008 ஜனவரி 8ஆம் தேதி நிஃப்டி 6,287 புள்ளிகளில் முடிந்தது. அந்த மாத இறுதிக்குள்ளேயே 5,137க்கு வந்துவிட்டது. நம் முதல் தவணை அங்கே: யூனிட் 51.37 ரூபாய், 97 யூனிட் கிடைக்கிறது. மார்ச்சில் விலை 47.35. ஜூனில் 40.41. செப்டம்பர் நடுவில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. அக்டோபர் இறுதியில் விலை 28.86. நவம்பரில் 27.55. டிசம்பரில் சற்றே எழுந்து 29.59. ஜனவரியில் 97 யூனிட் தந்த அதே 5,000 ரூபாய், நவம்பரில் 181 யூனிட் தருகிறது.

ஆண்டு முடிவில் 60,000 ரூபாய் கட்டி 1,503 யூனிட் சேர்ந்திருக்கிறது. சராசரி கொள்முதல் விலை 39.92 ரூபாய். பன்னிரண்டு விலைகளின் கூட்டுச் சராசரி 41.99. விற்பனையாளர் சொன்னபடியே சராசரி இறங்கியிருக்கிறது: 51.37இல் தொடங்கி 40க்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் கையில் இருப்பதன் மதிப்பு என்ன? 1,503 யூனிட்டை 29.59ஆல் பெருக்கினால் சுமார் 44,480 ரூபாய். கட்டிய பணத்தில் 26 சதவீதம் காணவில்லை.

சராசரி குறைந்தது உண்மை. ஆனால் விலை அதைவிட வேகமாகக் குறைந்தது. தொடர்ந்து இறங்கும் சந்தையில் இது எப்போதும் இப்படித்தான் இருக்கும், ஏனென்றால் சராசரி என்பது கடந்து வந்த விலைகளின் தொகுப்பு. கடைசி விலை எல்லா விலைகளுக்கும் கீழே இருக்கும்போது சராசரி அதற்கு மேலேதான் நிற்க முடியும். ஆகவே இறங்குகிற சந்தையில் எஸ்.ஐ.பி. நட்டத்தைத் தடுக்காது. மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். அந்த 60,000 ரூபாயையும் ஜனவரி இறுதியில் மொத்தமாகப் போட்டவருக்கு நட்டம் 42 சதவீதம். தவணையில் போட்டவருக்கு 26. இந்த வித்தியாசத்துக்குப் பெரும்பங்கு காரணம், தவணைக்காரரின் பணத்தில் பெரும்பகுதி சந்தைக்குள் தாமதமாகப் போனது.

ஏறிய ஆண்டு

2009க்கு வருவோம். இந்தக் கணக்கைப் புதிதாகத் தொடங்கும் இன்னொருவருடையதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி இறுதியில் 28.75, பிப்ரவரியில் 27.64, மார்ச்சில் 30.21, ஏப்ரலில் 34.74. பிறகு மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. மே 18, திங்கள்கிழமை. சந்தை திறந்த உடனேயே குறியீடு உச்ச வரம்பைத் தொட்டதால் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மீண்டும் திறந்தபோதும் வரம்பைத் தாண்டியதால் அன்றைய நாளுக்கே மூடப்பட்டது. அந்த ஒரே நாளில் குறியீடு 17 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மே இறுதியில் நம் யூனிட் விலை 44.49. டிசம்பர் இறுதியில் 52.01.

இந்த ஆண்டில் சராசரி மேல்நோக்கிப் போகிறது. பிப்ரவரியில் 28 ரூபாய் அளவில் இருந்த சராசரி கொள்முதல் விலை, ஒவ்வொரு தவணையிலும் சற்றுக் கூடி, டிசம்பரில் 39.78இல் நிற்கிறது. 60,000 ரூபாய்க்கு 1,508 யூனிட். மதிப்பு சுமார் 78,440 ரூபாய். லாபம் ஏறத்தாழ 31 சதவீதம்.

இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

| ஆண்டு | கட்டியது (ரூ.) | யூனிட் | சராசரி கொள்முதல் விலை (ரூ.) | ஆண்டு இறுதி விலை (ரூ.) | மதிப்பு (ரூ.) |
|---|---|---|---|---|---|
| 2008 | 60,000 | 1,503 | 39.92 | 29.59 | 44,480 |
| 2009 | 60,000 | 1,508 | 39.78 | 52.01 | 78,440 |

ஓர் ஆண்டு சரிவு, ஓர் ஆண்டு எழுச்சி. ஆனால் சராசரி கொள்முதல் விலையில் 14 பைசாதான் வித்தியாசம். ஒருவர் 15,500 ரூபாய் இழந்து நிற்கிறார், மற்றவர் 18,400 ரூபாய் லாபத்தில் நிற்கிறார். இருவரும் வாங்கிய விலை நாற்பது ரூபாய்.

காரணம் எளிது. பன்னிரண்டு விலைகளை எந்த வரிசையில் மாற்றி அடுக்கினாலும் அவற்றின் இசைச் சராசரி மாறாது. 51இல் தொடங்கி 29இல் முடிந்தாலும், 29இல் தொடங்கி 51இல் முடிந்தாலும் சராசரிக்கு அது ஒன்றுதான். லாபமோ முழுக்க முழுக்கக் கடைசி விலையைச் சார்ந்தது. சராசரி விலைக்கு வரிசை தெரியாது, முதலீட்டாளரின் பணத்துக்கு வரிசைதான் எல்லாம். "என் சராசரி குறைந்திருக்கிறது" என்று ஒருவர் மகிழ்வதும், "என் சராசரி ஏறிக்கொண்டே போகிறதே" என்று இன்னொருவர் கவலைப்படுவதும், பாதிக் கணக்கைப் பார்த்து அடையும் உணர்ச்சிகள்.

ஏறும் சந்தையில் சராசரி ஏறுவதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 2009இல் செப்டம்பர் தவணை 50.84க்கு விழுந்தபோது, "நாற்பதுக்குக் கீழே வாங்கி வைத்ததை ஏன் ஐம்பதுக்கு வாங்கிக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?" என்று பலருக்குத் தோன்றும். புதிய தவணை பழைய யூனிட்களின் லாபத்தைத் தொடுவதில்லை. ஜனவரியில் 28.75க்கு வாங்கிய யூனிட் இன்னும் 28.75க்கு வாங்கியதுதான். சராசரி ஏறுவது, நேற்று வாங்கியதோடு இன்று வாங்கியதைச் சேர்த்து ஒரே எண்ணாக எழுதுவதால் ஏற்படும் தோற்றம். 50 ரூபாய்க்கு வாங்கலாமா கூடாதா என்பது இனி வரும் ஆண்டுகளைப் பற்றிய கேள்வி. அதற்குப் பழைய சராசரி பதில் சொல்லாது.

ஆறு தவணைகள்

இரண்டு ஆண்டுகளையும் ஒரே ஆள் தொடர்ந்து கட்டியிருந்தால்? 1,20,000 ரூபாய், 3,011 யூனிட், சராசரி 39.85, மதிப்பு சுமார் 1,56,600 ரூபாய். லாபம் 36,600. கவனியுங்கள்: முதல் தவணை 51.37க்கு, கடைசித் தவணை 52.01க்கு. சந்தை கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. முதல் நாளே 1,20,000 ரூபாயையும் போட்டவருக்கு ஒன்றே கால் சதவீதம்கூடக் கிடைக்கவில்லை, சுமார் 1,500 ரூபாய்தான். தவணைக்காரருக்கு 30 சதவீதம்.

இந்த 36,600 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தேன். 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை ஆறு தவணைகள், ஆறும் 31 ரூபாய்க்குக் கீழே. கட்டியது 30,000 ரூபாய், மொத்தப் பணத்தில் கால் பங்கு. கிடைத்தது 1,044 யூனிட். 2009 டிசம்பரில் அவற்றின் மதிப்பு 54,300 ரூபாய். ஆக, மொத்த லாபத்தில் 24,300 ரூபாய், அதாவது மூன்றில் இரண்டு பங்கு, அந்த ஆறு மாதங்கள் தந்தது.

அந்த ஆறு மாதங்கள் எப்படிப்பட்டவை என்பதை நினைத்துப் பாருங்கள். லேமன் கவிழ்ந்த பிறகு, தொலைக்காட்சியில் தினமும் சிவப்பு எண்கள் ஓடிய காலம். சத்யம் நிறுவனத்தின் தலைவர் கணக்கில் மோசடி செய்ததை ஒப்புக்கொண்ட 2009 ஜனவரியும் அதற்குள்தான் வருகிறது. "கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம், சரியானதும் மறுபடி போடலாம்" என்று ஒருவர் அந்த ஆறு தவணைகளை மட்டும் விட்டிருந்தால், 90,000 ரூபாய் கட்டி 1,967 யூனிட்தான் வைத்திருப்பார். சராசரி 45.75. மதிப்பு 1,02,300. லாபம் 12,300 ரூபாய், 14 சதவீதத்துக்கும் குறைவு. பதினெட்டுத் தவணைகள் ஒழுங்காகக் கட்டியவர்தான் அவரும்.

இறக்கத்தில் சராசரி குறைவது ஒரு வரம் என்றால், அது இறக்கத்தின்போது கட்டியவருக்கு மட்டும் கிடைக்கும் வரம். அதன் பலனும் உடனே தெரியாது. தொடர்ந்து கட்டியவரின் கணக்குப் புத்தகத்தை 2009 ஏப்ரல் இறுதியில் திறந்து பார்த்தால்கூட, 80,000 கட்டி 75,300 ரூபாய்தான் இருந்தது. மே இறுதியில் அது 85,000 கட்டி 1,01,400 ஆகிவிட்டது.

இந்த இடத்தில் இன்னொரு பயனுள்ள செய்தி இருக்கிறது. தவணைக்காரர் லாபத்துக்குத் திரும்ப, சந்தை பழைய உச்சத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. அவருடைய சராசரியைத் தாண்டினால் போதும். அது 2009 மே மாதத்திலேயே நடந்துவிட்டது. 2008 ஜனவரி உச்சத்தில் மொத்தமாகப் போட்டவரோ, குறியீடு அந்த இடத்தைத் தொட 2010 நவம்பர் வரை காத்திருந்தார்.

மொத்தமாகப் போட்டால்

இதுவரை கேட்டவர்கள், தவணை முறை எப்போதும் மொத்த முதலீட்டை வெல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. 2009ஐ மட்டும் பாருங்கள். ஜனவரி இறுதியில் 60,000 ரூபாயை 28.75க்கு மொத்தமாகப் போட்டவரிடம் டிசம்பரில் 1,08,500 ரூபாய் இருந்தது. தவணைக்காரரிடம் 78,440. ஏறுகிற சந்தையில் தவணை பின்தங்கும், ஏனென்றால் பணத்தின் பெரும்பகுதி வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறது.

நீண்ட காலத்தில் பங்குச் சந்தை இறங்கும் மாதங்களைவிட ஏறும் மாதங்களே அதிகம் என்பதால், இந்தப் பின்தங்கல்தான் வழக்கமான விளைவு. ஜார்ஜ் கான்ஸ்டான்டினிடிஸ் என்ற நிதியியல் அறிஞர் 1979இலேயே, கையில் முழுப் பணம் வைத்துக்கொண்டு அதைத் துண்டு துண்டாகப் போடுவது சிறந்த கொள்கை ஆகாது என்று கோட்பாட்டளவில் எழுதினார். 2012இல் வான்கார்டு நிறுவனம் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாட்டுச் சந்தைகளின் பழைய கணக்கை ஆராய்ந்து, ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறை மொத்த முதலீடே முந்தியது என்று கண்டது.

மாதச் சம்பளக்காரருக்கு இந்த விவாதம் பொருந்தாது. அவரிடம் மொத்தத் தொகை இல்லை. சம்பளம் வரும்போதுதான் போட முடியும். அவர் ஒவ்வொரு மாதமும் அந்த மாதத்துப் பணத்தை மொத்தமாகத்தான் போடுகிறார். பணி ஓய்வுத் தொகையோ நிலம் விற்ற பணமோ கையில் வந்தவருக்குத்தான் இது உண்மையான கேள்வி. அவர் அதை ஆறு மாதமாகவோ ஓர் ஆண்டாகவோ பிரித்துப் போடலாம். அதனால் லாபம் கூடும் என்று எண்ணிச் செய்யக் கூடாது. 2008 ஜனவரி போன்ற ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மிரண்டு போய் விற்றுவிடாமல் இருக்க, கொஞ்சம் லாபத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

சராசரி கனத்துப் போகும்

அடுத்து, பத்து ஆண்டு கட்டியவர்களுக்கு. மாதம் 5,000 வீதம் 120 தவணை, 6,00,000 ரூபாய். எளிமைக்காகச் சராசரி 100 ரூபாய், 6,000 யூனிட் என்று வைப்போம். அடுத்த மாதம் விலை பாதியாகி 50க்கு வருகிறது. புதிய தவணைக்கு 100 யூனிட் கிடைக்கிறது. சராசரி 100இலிருந்து 99.18க்கு இறங்குகிறது. எண்பத்திரண்டு பைசா! ஓர் ஆண்டு மட்டும் கட்டியவருக்கு, அதாவது 60,000 ரூபாயும் 600 யூனிட்டும் உள்ளவருக்கு, அதே 50 ரூபாய்த் தவணை சராசரியை 92.86க்கு இறக்கிவிடுகிறது.

முதல் ஓரிரு ஆண்டுகளில் ஒவ்வொரு தவணையும் சராசரியை அசைக்கும். பத்தாம் ஆண்டில் அசைக்காது. ஆனால் விலை பாதியாகும்போது பத்தாண்டுக்காரரின் கணக்கில் மூன்று லட்சம் ரூபாய் குறைகிறது. அவருக்கு எஸ்.ஐ.பி. ஏறக்குறைய மொத்த முதலீட்டைப் போலவே நடந்துகொள்கிறது. 2020 ஜனவரி நடுவில் 12,362இல் இருந்த நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610க்கு வந்தது. பத்து வாரங்களில் 38 சதவீதம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பத்தாண்டு சேர்த்து, அந்த ஏப்ரலில் எடுக்க நினைத்தவரைச் சராசரி காப்பாற்றவில்லை.

ஆகவே இறக்கத்தைப் பொறுத்தவரை இளம் கணக்குக்கும் முதிர்ந்த கணக்குக்கும் விதி வேறு. தொடங்கிய புதிதில் வரும் இறக்கம் நல்லது. பணம் தேவைப்படும் காலம் நெருங்கும்போது வரும் இறக்கம் கெட்டது. அதற்குப் பரிகாரம் தவணையைக் கூட்டுவதில் இல்லை. தேவைக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும்போதே, சேர்ந்த தொகையைப் படிப்படியாக வைப்புத்தொகைக்கோ குறுகிய காலக் கடன் ஃபண்டுக்கோ நகர்த்த ஆரம்பிப்பதில் இருக்கிறது.

எழாத சந்தை

2008இன் நட்டம் 2009இல் லாபமாக மாறியதற்குக் காரணம் எஸ்.ஐ.பி. அல்ல, சந்தை எழுந்ததுதான். எழாவிட்டால்? ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் இறுதியில் 38,915 புள்ளிகளில் முடிந்தது. அந்த இடத்தை அது மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில். நடுவில் 2009 மார்ச்சில் 7,054 வரை இறங்கியது. 1990இல் தொடங்கி மாதாமாதம் கட்டிய ஒருவரின் சராசரி காலப்போக்கில் இறங்கியிருக்கும், இருபது ஆண்டு கழித்தும் விலை அதற்குக் கீழேதான் இருந்திருக்கும்.

முழு நாட்டின் குறியீட்டுக்கே இந்த நிலை என்றால், ஒரே துறையில் போடும் ஃபண்டுக்கும் ஒற்றைப் பங்குக்கும் ஆபத்து இன்னும் அதிகம். சரிந்துகொண்டே போகும் ஒரு நிறுவனத்தின் பங்கை "ஆவரேஜ் பண்றேன்" என்று வாங்கிக் குவிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சராசரி நிச்சயம் குறையும், நிறுவனம் மூடும் நாள் வரை குறைந்துகொண்டே இருக்கும். எப்படிப் பிரித்தறிவது? உங்கள் ஃபண்டின் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு வருமானத்தை அது தனக்கு அளவுகோலாக அறிவித்திருக்கும் குறியீட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் அது சந்தையின் இறக்கம், தவணையைத் தொடரலாம். குறியீடு எழுந்த பிறகும் ஃபண்ட் மட்டும் கீழே கிடந்தால், சராசரி குறைவதில் ஆறுதல் தேடக் கூடாது.

கணக்கு அறிக்கையைப் படிக்க

வீட்டுக்குப் போய் உங்கள் கணக்கு அறிக்கையில் ஒரு வரியை எடுத்துப் பாருங்கள். வங்கியிலிருந்து போனது 5,000 ரூபாய். 2020 ஜூலை முதல் யூனிட் வாங்குவதற்கு 0.005 சதவீத முத்திரைத் தீர்வை உண்டு. அது 25 பைசா. மீதி 4,999.75. என்.ஏ.வி. 50 என்றால் கிடைப்பது 99.995 யூனிட். எந்த நாளின் என்.ஏ.வி. என்பது, உங்கள் பணம் ஃபண்டின் கணக்குக்கு எந்த நாள் வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. தவணைத் தேதியில் உள்ள விலை அப்படியே கிடைக்காமல் போகலாம். வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் தவணை தொடர்ந்து மூன்று முறை திரும்பினால் மாதாந்திர எஸ்.ஐ.பி. ரத்தாகிவிடும். இறங்கிய மாதங்களில் இப்படித் தவறிய தவணையின் விலை என்ன என்பதைச் சற்றுமுன் பார்த்தோம்.

விற்கும்போது இன்னொன்று. அறிக்கையில் உள்ள சராசரி விலையை வைத்து வரி கணக்கிடுவதில்லை. முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாக வரும். நம் இரண்டாண்டுக் கணக்கிலிருந்து 1,000 யூனிட்டை 52.01க்கு விற்றால், சராசரிப்படி லாபம் சுமார் 12,160 ரூபாய். ஆனால் விற்றுப்போவது 2008 ஜனவரி முதல் செப்டம்பர் வரை வாங்கிய விலை கூடிய யூனிட்களும், அக்டோபரில் வாங்கியதில் இருபத்தொன்றும். அவற்றின் அடக்கம் சுமார் 45,600; வரிக்கான லாபம் 6,400 ரூபாய்தான். மலிவாக வாங்கியவை கணக்கில் மிச்சம் இருக்கின்றன. அவற்றின் லாபம் பின்னால் வரும். பங்கு ஃபண்டில் ஒவ்வொரு தவணைக்கும் பன்னிரண்டு மாதக் கெடு தனித்தனி. 2024 ஜூலை 23 முதல், அந்தக் கெடுவைத் தாண்டியவற்றின் லாபத்தில் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய்க்கு மேற்பட்டதற்கு 12.5 சதவீதம், கெடுவுக்குள் விற்றால் 20 சதவீதம் வரி. எஸ்.ஐ.பி. தொடங்கி ஓர் ஆண்டு ஆனதும் எல்லா யூனிட்டும் நீண்ட காலத்ததாகிவிட்டது என்று நினைத்து முழுவதையும் விற்பவர்கள், கடைசிப் பதினொரு பன்னிரண்டு தவணைகளுக்குக் கூடுதல் வரி கட்டுகிறார்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இனி யாராவது உங்களிடம் "சராசரி குறைகிறது" என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்றைய என்.ஏ.வி. அந்தச் சராசரிக்கு மேலா கீழா? குறியீடு எழும்போது இந்த ஃபண்டும் எழுகிறதா? பணம் எனக்குத் தேவைப்பட இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது? மூன்றுக்கும் பதில் தெரிந்தவர் இறக்கத்தில் தவணையை நிறுத்த மாட்டார், தேவை நெருங்கும்போது சந்தையிலேயே விட்டுவைக்கவும் மாட்டார். மாணவர்கள் இந்த இருபத்துநான்கு மாதக் கணக்கைத் தாங்களே ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நிஃப்டியின் பழைய புள்ளிகள் தேசியப் பங்குச் சந்தையின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.